எச்சில் இலை எடுப்பவர் பட்டியலை முதலில் எழுதினோம்

எங்கள் ஊர் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, கேரளம். பங்குனியில் எங்கள் அம்மன் கோவில் திருவிழா முடிகிற நாளில் மதியம் சமபந்தி விருந்து நடக்கும். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களும் வருவார்கள், இந்தப் பக்கத்துக்காரர்களும் வருவார்கள். 1,200 பேர் சாப்பிடுவார்கள் என்று கணக்கு வைத்துத்தான் அரிசி அளப்போம். யாருக்குப் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதால்தான் அதற்குச் சமபந்தி என்று பெயர்.

விழாக் கமிட்டியில் வாட்ஸ்அப் செய்தி எழுதும் வேலை என்னிடம் வந்தபோது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. முதல் வருடம் நான் எழுதியது இவ்வளவுதான்: “வருகிற ஞாயிற்றுக்கிழமை சமபந்தி விருந்து. அனைவரும் திரளாக வந்து தங்களால் இயன்ற உதவிகளைச் செய்து ஒத்துழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.” அறுபது பேருக்கு மேல் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அன்றைக்கு உதவிக்கு ஆள் குறையவே இல்லை. சோறு விளம்ப மட்டும் நாற்பது பேர் நின்றார்கள். இரண்டு இளைஞர்கள் ஒரே சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஆனால் இலை எடுக்க மூன்றே பேர். வாசலில் ஒருவர்கூட இல்லை. மூன்றாம் பந்தி எழுந்திருப்பதற்கு முன்பே நான்காம் பந்திக்காரர்கள் உள்ளே வந்து, சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். விளம்புகிறவர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. இலை எடுப்பவர்கள் வெளியே போக முடியவில்லை. கை கழுவும் இடத்தில் தண்ணீரும் ரசமும் கலந்து தரை வழுக்கி, ஒரு பாட்டி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றும்போது என் கை நடுங்கியது. யார் அங்கே நிற்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அதனால் அங்கே யாரும் நிற்கவில்லை.

அடுத்த வருடம் அதற்கு நேர் எதிராகச் செய்தேன். உட்கார்ந்து எல்லோர் பெயரையும் வேலை வாரியாகப் பிரித்து, ஒரு நீளமான பட்டியலைக் குழுவில் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு மாமா குழுவை விட்டு வெளியேறினார். அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, “மக்ளே, எனக்க பேர எலை எடுக்கிற கூட்டத்துல போட்டிருக்கிய. அது பரவாயில்ல. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?” என்றார்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் வீட்டு அத்தை உள்ளேயிருந்து வந்து, “அவர விடு. நீ அந்த லிஸ்ட்ட ஒருவாட்டி நல்லா வாசிச்சுப் பாரு மக்ளே” என்று மட்டும் சொன்னார்.

இரவு வாசித்துப் பார்த்தேன். அத்தை சொன்னது புரிந்தது. வரவேற்பு, சாமான் வைக்கும் கலவறை, விளம்பல் ஆகிய இடங்களில் கமிட்டிக்காரர்களும் வசதியான வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். இலை எடுப்பது, பாத்திரம் கழுவுவது, கூட்டுவது ஆகியவற்றில் தெற்குத் தெருவிலிருந்து வரும் அதே நான்கைந்து குடும்பங்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை. முந்தைய வருடங்களில் யார் எதைச் செய்தார்களோ அதைப் பார்த்து எழுதினேன். அது போதாதா? இன்னொன்றும் கண்ணில் பட்டது. வரவேற்புப் பட்டியலில் பெயருக்குப் பின்னால் “சார்”, “அண்ணன்”, “டீச்சர்” என்றெல்லாம் இருந்தது. துப்புரவுப் பட்டியலில் வெறும் பெயர் மட்டும். அறுபது வயதுக்காரர் ஒருவரின் பெயரைக்கூட மொட்டையாக எழுதியிருந்தேன். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு இப்படி ஒரு பட்டியல் எழுதியிருக்கிறோமே என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வருடம் செய்தியை எழுத உட்காருவதற்கு முன்னால் கமிட்டியில் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொண்டோம். துப்புரவுப் பட்டியல்தான் முதலில் போகும். அதில் முதல் இரண்டு பெயர்கள் தலைவரும் பொருளாளரும். தலைவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், “எழுதுங்க, முதல் பந்திக்கே எழுதுங்க” என்றார். அந்த ஒரு வரி குழுவில் விழுந்த பிறகு, துப்புரவுக்கு ஆள் கேட்க நான் செய்த எந்தப் போனிலும் தயக்கம் இருக்கவில்லை.

ஆள் கணக்கை எப்படிப் போட்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் வேண்டும் என்று தெரியாமல் எழுதினால் செய்தி “எல்லோரும் வாருங்கள்” என்பதில்தான் போய் முடியும்.

எங்கள் பந்தலில் ஒரு நேரத்தில் 200 பேர் உட்காரலாம். நான்கு வரிசை, வரிசைக்கு ஐம்பது. உட்கார்ந்து, விளம்பி, பருப்பு, சாம்பார், பாயசம், ரசம், மோர் என்று போய் எழுந்திருக்க முப்பது நிமிடம் ஆகும். இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போடப் பத்து நிமிடம். ஆக ஒரு பந்திக்கு 40 நிமிடம். 1,200 பேருக்கு ஆறு பந்தி. காலை 11:30-க்குத் தொடங்கினால் மதியம் 3:30-க்கு முடியும். 200 இலையை எட்டுப் பேர் எடுத்தால் ஒருவருக்கு 25 இலை, ஐந்து நிமிட வேலை. மீதி ஐந்து நிமிடத்தில் மேசை துடைக்கலாம். எட்டுப் பேரையே ஆறு பந்திக்கும் நிறுத்தினால் நான்காம் பந்தியில் இடுப்பு ஒடிந்துவிடும். ஆகவே மூன்று அணி, அணிக்கு இரண்டு பந்தி. இருபத்து நான்கு பேர்.

தேங்காய்க்கும் இப்படித்தான். சமையற்காரர் 200 தேங்காய் துருவ வேண்டும் என்றார். துருவலில் உட்கார்ந்து பழகியவர் ஒரு தேங்காயை முடிக்க நான்கு நிமிடம். மணிக்குப் பதினைந்து. ஐந்து பேர் உட்கார்ந்தாலும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். முந்தைய வருடம் “தேங்காய் துருவ 2 பேர்” என்று எழுதிவிட்டு, நள்ளிரவு தாண்டியும் இரண்டு அக்காமார் துருவிக்கொண்டிருந்ததை நான் வந்து பார்த்து அழுகிற நிலைக்குப் போயிருக்கிறேன். இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டிருந்தால் அவர்கள் பத்தரைக்கு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கணக்கு வந்த பிறகு போன். விருந்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பிருந்து, கமிட்டியில் ஐந்து பேர் ஆளுக்கு இருபத்தைந்து வீடாகப் பிரித்துக்கொண்டு பேசினோம். “ஏதாவது உதவி செய்வீங்களா?” என்று கேட்கவில்லை. “அக்கா, சனிக்கிழமை ராத்திரி கறிக்குக் காய் வெட்ட வருவீங்களா, இல்ல ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணாம் நாலாம் பந்திக்கு இலை எடுக்க நிப்பீங்களா? ரெண்டுல எது உங்களுக்குச் சௌகரியம்?” என்று கேட்டோம். இரண்டும் முடியாது என்றால் “சரி அக்கா, சாப்பிட வந்திருங்க” என்று அதோடு விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, அதை ஐந்து பேரும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். ஒருவரிடம் காரணம் கேட்டால் அடுத்த தடவை அவர் போனை எடுக்க மாட்டார்.

போனில் ஒத்துக்கொண்டவர் பெயர்தான் செய்தியில் வரும். செய்தி என்பது ஏற்கெனவே பேசி முடித்ததை எழுத்தில் உறுதி செய்வதுதான். குழுவை விட்டுப் போன மாமாவிடம் நானே நேரில் போய்க் கேட்டேன். அவர் தேர்ந்தெடுத்தது இலை எடுக்கும் வேலையைத்தான், அதே வேலையை.

எழுதும்போது ஒரே செய்தியாக எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி பாதியில் மடங்கிவிடும். மீதியை விரித்து வாசிப்பவர்கள் குறைவு. ஆகவே துப்புரவு, சமையல், கூட்டம் வழிநடத்தல், விளம்பல் என்று நான்கு தனிச் செய்திகள், இந்த வரிசையில். அவற்றில் முதலாவதை அப்படியே கீழே தருகிறேன். பெயர்கள் இருந்த இடத்தில் எண்ணிக்கை மட்டும் போட்டிருக்கிறேன்.

> *சமபந்தி விருந்து: இலை எடுத்தல், மேசை துடைத்தல்*
> *ஞாயிறு, பகல் 11:30 முதல் 3:30 வரை*
> போனில் சம்மதம் தந்த 24 பேருக்கும் நன்றி. உங்கள் நேரம் கீழே.
>
> *அணி 1* (பந்தி 1, 2): 11:15-க்கு வரவேண்டும், 12:50-க்கு முடியும். 8 பேர்
> *அணி 2* (பந்தி 3, 4): 12:35-க்கு வரவேண்டும், 2:10-க்கு முடியும். 8 பேர்
> *அணி 3* (பந்தி 5, 6): 1:55-க்கு வரவேண்டும், 3:30-க்கு முடியும். 8 பேர்
>
> வந்ததும் நிற்கும் இடம்: பந்தலின் கிழக்கு ஓரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம். அணித்தலைவர் அங்கே இருப்பார்.
> வேலை: ஒருவருக்கு 25 இலை. இலையை உள்பக்கமாக மடித்துக் கூடையில் போடுவது, ஈரத்துணியால் மேசையைத் துடைப்பது. கூடையைக் குழிக்குக் கொண்டுபோவது அணியில் இருவர்.
> கையுறை, துணி, கூடை நாங்கள் தருவோம்.
>
> சாப்பாடு: அணி 1 வேலை முடிந்ததும் பந்தி 3-இல். அணி 2, அணி 3 வேலைக்கு முன்னால் பந்தி 1-இல். இடம் உங்களுக்காகப் பிடித்து வைத்திருப்போம்.
>
> வர முடியாமல் போனால் சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் அணித்தலைவரிடம் “இடம் மாற்றுங்கள்” என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதில் “தயவுசெய்து”, “பணிவன்புடன்” எதுவும் இல்லை என்று ஒருவர் குறைப்பட்டார். நான் யோசித்துத்தான் விட்டேன். “வந்து உதவினால் நன்றாக இருக்கும்” என்று எழுதினால் வாசிப்பவருக்கு அது கட்டாயமா, விருப்பமா என்று தெரியாது. “தவறாமல் வரவும்” என்று எழுதினால் அரசாங்க நோட்டீஸ் போல இருக்கும். போனில் அன்பாகக் கேட்டாயிற்று, அவர் சரி என்று சொல்லியாயிற்று. எழுத்தில் அவருக்கு வேண்டியது எத்தனை மணிக்கு, எங்கே, எப்போது விடுவார்கள், எப்போது சாப்பிடலாம் என்பதுதான். மரியாதையை நாங்கள் பெயரில் வைத்தோம். எல்லாப் பெயருக்குப் பின்னாலும் “அவர்கள்”. தலைவருக்கும் அதுதான், பிளஸ் டூ படிக்கும் பையனுக்கும் அதுதான். சார், டீச்சர், அண்ணன் எதுவும் கிடையாது. பெயர்கள் அகர வரிசையில். துப்புரவின் முதல் அணியில் மட்டும் தலைவரும் பொருளாளரும் மேலே, காரணம் முன்பே சொன்னேன்.

முடியும் நேரத்தை எழுதியது பெரிய பலன் தந்தது. முன்பெல்லாம் இலை எடுக்கப் போனால் கடைசிப் பந்தி வரை விடமாட்டார்கள் என்று பயந்தே பலர் அந்தப் பக்கம் வராமல் இருந்திருக்கிறார்கள். 12:50-க்கு விட்டுவிடுவோம் என்று எழுதியதும், “ஒன்றரை மணி நேரந்தானே” என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது நம் பொறுப்பு. அடுத்த அணி பதினைந்து நிமிடம் முன்பே வந்து நின்றால்தான் முதல் அணி நேரத்துக்குப் போக முடியும். வரவேண்டிய நேரத்தைப் பந்தி தொடங்கும் நேரத்துக்கு முன்னால் போட்டதற்கு அதுதான் காரணம்.

சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். முதல் வருடம் நாலு மணிக்கு, உதவி செய்தவர்கள் உட்கார்ந்தபோது அவியலும் பாயசமும் தீர்ந்திருந்தன. வெறும் சோறும் மோரும். ஒருவரும் முகம் கோணவில்லை, ஆனால் எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது. இப்போது ஒவ்வொரு செய்தியிலும் அந்த அணி எந்தப் பந்தியில் சாப்பிடும் என்று எழுதிவிடுகிறோம். சமையல் நடக்கும் ஆக்குப்புரையில் இருப்பவர்களுக்கு 11 மணிக்கு, முதல் பந்திக்கு முன்பே.

“காரணம் சொல்ல வேண்டியதில்லை” என்ற வரியைப் பெண்கள்தான் முதலில் கவனித்தார்கள். கோவில் வளாகத்துக்குள் வர முடியாத நாட்கள் பெண்களுக்கு உண்டு. முன்பு ஒருங்கிணைப்பாளர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களிடம் என்னவென்று சொல்வது? சொல்லக் கூசி, கடைசியில் வராமலே இருந்துவிடுவார்கள். “சொன்னாளே, வரலியே” என்ற பேச்சு வேறு. இப்போது பெண்கள் உள்ள ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெண் அணித்தலைவர், “இடம் மாற்றுங்கள்” என்ற இரண்டே வார்த்தை. கோவிலுக்கு வெளியே ரோட்டோரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் வழிகாட்டும் வேலை இருக்கிறது, வீட்டிலிருந்தே தேங்காய் துருவித் தரலாம். மாற்றிக் கொடுக்க இடம் கைவசம் வைத்திருந்தோம்.

அதே வரிதான் சமையல் செய்தியிலும் வேறொரு வேலை செய்தது. அந்தச் செய்தியில் மட்டும் கூடுதலாக இப்படி எழுதினோம்:

> வயிற்றுப்போக்கு, வாந்தி இருப்பவர்களும், அது நின்று முழுதாக 2 நாள் ஆகாதவர்களும், கையில் புண் உள்ளவர்களும் ஆக்குப்புரையிலும் விளம்பலிலும் நிற்க வேண்டாம். “இடம் மாற்றுங்கள்” என்று சொல்லுங்கள். வேறு வேலை தருகிறோம்.
> அடுப்புப் பக்கம் வருபவர்கள் பருத்தி உடையில் வாருங்கள். நைலான் சேலை, தொங்கும் துப்பட்டா வேண்டாம்.
> சேனை வெட்டுபவர்கள் கையில் தேய்க்கத் தேங்காயெண்ணெய் வைத்திருப்போம்.

வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் கிருமி சில நாள் உடம்பிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும். 1,200 பேர் சாப்பிடும் சோற்றைத் தொடுபவர் அதை மறைத்தால் ஊரே படுத்துவிடும். ஆனால் “எனக்கு வயிறு சரியில்லை” என்று குழுவில் யார் எழுதுவார்? அந்த வருடம் இரண்டு பேர் இடம் மாறினார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேரத்தை எழுதுவதில் ஒரு பெரிய தவறு செய்தோம், அதையும் சொல்ல வேண்டும். அடுப்புப் பற்றவைக்க ஆறு பேர் விடிவதற்கு முன் வரவேண்டும். “சனிக்கிழமை இரவு 3:30” என்று எழுதியிருந்தேன். எனக்கு அது சனிக்கிழமை படுத்து எழுந்து போகும் நேரம். ஒருவர் அதை வெள்ளிக்கிழமை படுத்து எழும் நேரம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் முன்பாகவே டார்ச்சு அடித்துக்கொண்டு வந்து பூட்டிய ஆக்குப்புரை முன்னால் நின்றிருக்கிறார். மறுநாள் அவர் வரவில்லை, எப்படி வருவார்? அதன்பின் நாங்கள் எழுதுவது, “ஞாயிறு அதிகாலை 3:30 (சனிக்கிழமை ராத்திரி படுத்து எழுந்து வரவேண்டும்)”. இன்னொன்று, தேதியை எழுதினால் கிழமையையும் சேர்த்து எழுதுவோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் மீனம் பத்து, மீனம் பதினொன்று என்று கொல்லம் ஆண்டுக் கணக்கில்தான் நாள் சொல்வார்கள். எண் மட்டும் போட்டால் குழம்பும்.

எங்கள் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போன பாட்டாமார் சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க மலையாளம்தான் வரும். பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் சொந்தங்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு எழுத்தில் அனுப்பிப் பயனில்லை. ஒவ்வொரு செய்திக்கும் கீழே அதையே வாசித்து ஒரு குரல்பதிவு போட்டேன், ஒரு நிமிடத்துக்குள். அதைப் பேசும்போதுதான் எந்த வரி வாயில் சிக்குகிறது என்று தெரிந்தது. சிக்கிய வரியைத் திரும்பிப் போய் எழுத்திலும் மாற்றினேன். போன் இல்லாதவர்களுக்காகப் பெரிய எழுத்தில் எழுதிக் கோவில் நடையிலும் டீக்கடையிலும் ஒட்டினோம்.

கூட்டத்தை வழிநடத்தும் செய்திதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இலை எடுப்பவர் இலையிடம் பேச வேண்டியதில்லை. வாசலில் நிற்பவர் பசியோடு வந்த மனிதரிடம் “கொஞ்சம் நில்லுங்கள்” என்று சொல்ல வேண்டும். அதுவும் சொந்த ஊரில், மாமாவிடமும் சம்பந்தியிடமும். ஆகவே இந்தச் செய்தியில் நிற்கும் இடத்தோடு, சொல்ல வேண்டிய வாசகத்தையும் எழுதினோம்.

ஒரு நேரத்துக்கு எட்டுப் பேர்: ரோட்டில் வண்டி நிறுத்துமிடத்தில் இருவர், பந்தல் வாசலில் இருவர், கை கழுவும் இடத்தில் இருவர், உள்ளே வரிசைகளில் இருவர். மதியம் 1:30-க்கு அடுத்த எட்டுப் பேர். வாசல் இருவரில் ஒருவர் எண்ணுவார், மற்றவர் பேசுவார். 200 எண்ணியதும் கயிறு குறுக்கே வரும். அப்போது சொல்ல வேண்டியது: “அடுத்த பந்தி இன்னும் அரை மணி நேரத்தில். நிழலில் நாற்காலி போட்டிருக்கிறோம், மோர் இருக்கிறது, உட்காருங்கள். உங்கள் டோக்கன் இதோ, உங்களுக்கு இடம் உறுதி.” “இடம் உறுதி” என்ற வார்த்தை இல்லாவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். சோறு தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான் மக்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். டோக்கனில் பந்தி எண் மட்டும், கலர் காகிதத்தில், முத்திரை வைத்து.

வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கர்ப்பிணிகள் முதல் பந்தியில் முதல் வரிசை என்று எழுதியிருந்தோம். “தெரிந்தவர் என்பதற்காக யாரையும் கயிற்றுக்குள் விடாதீர்கள், வற்புறுத்தினால் கமிட்டித் தலைவரிடம் அனுப்புங்கள்” என்றும் ஒரு வரி. இந்த வரி வாசலில் நிற்கும் பையனைக் காப்பாற்ற எழுதியது. அன்றைக்கு ஒரு பெரிய மனிதர் கயிற்றைத் தூக்கினார். பையன், “மாமா, நான் விட்டா எனக்கு ஏச்சு விழும். தலைவர் அங்க இலை எடுத்துட்டு நிக்காரு, ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க” என்றான். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி, கையுறையோடு எச்சில் இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பெரியவர் கயிற்றை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் அதைத் தண்ணீர்த் தொட்டியருகே நின்று பார்த்தேன்.

செய்திகளை ஒரே நாளில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பத்து நாள் முன்பு நான்கு செய்திகளையும் குழுவில் போட்டோம். மூன்று நாள் முன்பு, பழையவை செல்லாது என்று மேலே எழுதி, மாற்றங்களோடு மறுபடியும் போட்டோம். அப்படி எழுதாவிட்டால் யாராவது மேலே தேடிப்போய்ப் பழையதைத்தான் வாசிப்பார்கள். முந்தின நாள் மாலை, அணித்தலைவர்கள் ஆளுக்கு ஒரு வரி தனியாக அனுப்பினார்கள்: “நாளை 12:35, பந்தலின் கிழக்கு ஓரம், அணி 2. சரியா?” அதற்குச் “சரி” என்று பதில் வராதவர்களுக்கு மட்டும் போன். இருபத்து நான்கில் ஐந்து பேருக்குப் போன் போட வேண்டி வந்தது, அவ்வளவுதான். குழுவில் விழும் கைகூப்புப் படத்தை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வதே இல்லை.

ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். எட்டுப் பேர் வேண்டிய அணிக்கு எட்டுப் பேரைத்தான் எழுத வேண்டும். பத்துப் பேரை எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் வருவார் என்று இருந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஆறு பேரைத் தனியாக “எங்கே குறைகிறதோ அங்கே” என்ற பெயரில், குறிப்பிட்ட வேலை இல்லாமல், கலவறைத் திண்ணையில் உட்கார வைத்தோம். அந்த வருடம் மூன்று பேரை அங்கிருந்து எடுக்க வேண்டி வந்தது. கலவறையில் ஏற்கெனவே இரண்டு பேர் சாவியோடு இருப்பார்கள், அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்கள் எழுந்துபோனால் பாத்திரமும் சாமானும் கைமாறிவிடும்.

பிளாஸ்டிக் தம்ளர் பற்றிய வரியைக் கடைசி நேரத்தில் சேர்த்தோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தம்ளருக்குத் தடை. ஆகவே எவர்சில்வர் தம்ளர். ஆனால் ஒரு பந்திக்கு 200 தம்ளரைக் கழுவ வேண்டும். அதற்கு ஆள் எழுத மறந்துவிட்டோம். பாத்திரம் கழுவ மதியம் 2 மணிக்குத்தான் எட்டுப் பேரை வரச் சொல்லியிருந்தோம். இரண்டாம் பந்திக்குத் தம்ளர் இல்லை. கலவறைத் திண்ணையில் இருந்தவர்களை எடுத்தது இதற்குத்தான். தென்னை நாரும் சாம்பலும் வைத்துக்கொண்டு அவர்கள் மூவரும் தொட்டியடியில் உட்கார்ந்து, நான்கு பந்திக்குத் தொடர்ந்து கழுவினார்கள்.

மாலை நாலரைக்குக் கடைசி வார்ப்பைக் கவிழ்த்து வைத்த பிறகு, ஆக்குப்புரைத் திண்ணையில் உட்கார்ந்து என் போனில் அடுத்த வருடத்துக்கான குறிப்பை எழுதினேன். அந்த மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அணி 2-இல் நின்றவர். கையுறையைக் கழற்றியும் விரல்களில் மஞ்சள் போகவில்லை.

“கை கழுவுற எடத்துல ரெண்டு பேரு போதாது மக்ளே” என்றார். “ஒருத்தன் வெளக்குமாத்தால தண்ணிய தள்ளணும். ஒருத்தன் ஆளுகளப் பிடிக்கணும். வயசானவங்க எறங்குதப்பம் பிடிக்க மூணாவதா ஒருத்தன் வேணும். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்: கை கழுவும் இடம், 3 பேர். தம்ளர் கழுவ 3 பேர், 11:30 முதல்.